குரலில் தட்டிய மின்னஞ்சலைத் திருத்திய கதை

குளியலறைச் சுவரில் நீர் கசிவது பற்றி வீட்டு உரிமையாளருக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்றைப் பேசியே தட்டினேன். வந்தது நிறுத்தக்குறியே இல்லாத ஒரே பத்தி. சுவரில் படிந்த கறை ‘கரை’ ஆகியிருந்தது, குளியலறை ‘குளியலரை’ ஆகியிருந்தது. ‘இன்னும் சரிசெய்யவில்லை’ என்றது ‘சரி செய்ய வில்லை’ என்று துண்டாகியிருந்தது.

பிழைதிருத்தியை ஓட்டினேன். கரை, வில்லை இரண்டும் சரியான சொற்கள், அதனால் சிவப்புக் கோடு விழவில்லை. திரும்பத் திரும்பப் படித்தும் பயனில்லை, நான் சொன்னதுதான் கண்ணில் பட்டது. போனையே வாசிக்கச் சொன்னேன். கரையும் கறையும் காதுக்கு ஒன்றாகவே கேட்டன. இதிலேயே இரண்டு நாள் போனது.

கடைசியில் எழுத்தைத் தேடினேன். முதலில் ‘அரை’ என்று தேடியபோது ‘குளியலரை’ சிக்கவில்லை. புணர்ச்சியில் அ, முன்னிருந்த ‘ல்’லோடு சேர்ந்து ‘ல’ ஆகிவிடுகிறதே! வெறும் ‘ரை’ என்று தேடியதும் எல்லாம் வந்தன. தரை, வரை போன்றவற்றை விட்டுவிட்டு மற்றதைத் திருத்தினேன். அதேபோல் ‘னி’ என்று தேடி, ‘பனி முடியவில்லை’ என்றிருந்ததைப் ‘பணி’ ஆக்கினேன். முன்னால் ஓர் இடைவெளி விட்டு ‘வில்லை’ என்று தேடியதில் பிரிந்தவை அகப்பட்டன.

முற்றுப்புள்ளிக்கு வினைமுற்றுகளைப் பிடித்தேன். ‘மழை பெய்தது நேற்று ஆள் வந்தார்’ என்ற இடத்தில் மட்டும் தயங்கினேன். நேற்று வந்தது ஆள்தான், மழை அதற்கும் முந்தியது. ‘பெய்தது’ என்பதற்குப் பின் புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன்.