வளைந்த அலமாரிக் கதவு: தச்சருக்கு எழுதி கொட்டேஷன் கேட்பது எப்படி

“கதவு மூட மாட்டேங்குது, எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் எழுதினால் எந்தத் தச்சராலும் தொகை சொல்ல முடியாது. கீல் தளர்ந்து கதவு தொங்கினாலும் மூடாது, பலகையே வளைந்தாலும் மூடாது. முதலாவது திருப்புளி வேலை. இரண்டாவதற்குப் புதுக் கதவே தேவைப்படலாம். அதனால் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 1: தொங்கலா, வளைவா?

கதவைத் தொங்கவிட்டபடியே, கைப்பிடி இருக்கும் விளிம்பை ஒட்டி மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். வெளிப்பக்கம் ஒரு முறை, உள்பக்கம் ஒரு முறை. இரண்டு பக்கமும் நூல் பலகையோடு ஒட்டி நின்றால் அந்த விளிம்பு நேர்தான். கீலையும், அலமாரி சாய்ந்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது. அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எங்கே இடிக்கிறது?

கதவை மெதுவாகச் சாத்தி, அழுத்தாமல் விடுங்கள். எந்த மூலை சட்டத்தைத் தொடுகிறது, எந்த மூலை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கதவின் உயரம், அகலம், தடிமன், கீல்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் எடுங்கள். பலகையின் இரண்டு முகத்திலும் லேமினேட் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் மறுமுகம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை லேமினேட் பக்கமாக வளையும். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் அதே மாதிரி புதுக் கதவு போட்டால் அதுவும் வளையக்கூடும்.

படி 3: கடிதம்

> ஐயா, வணக்கம்.
>
> எங்கள் படுக்கையறை அலமாரியின் இரண்டு கதவுகளில் வலக்கதவு மூடவில்லை. உயரம் 2100 மி.மீ., அகலம் 450, தடிமன் 19. பிளைவுட் பலகை, வெளியே லேமினேட், உள்ளே பெயின்ட் மட்டும். உள்கீல்கள் நான்கு, எதுவும் ஆடவில்லை.
>
> சாத்தினால் கீழ்மூலை தொடுகிறது, மேல்மூலை 14 மி.மீ. வெளியே நிற்கிறது. வெளிப்பக்கம் நூல் பிடித்தால் நடுவில் 5 மி.மீ. இடைவெளி. மழைக்காலத்துக்குப் பிறகு இப்படி ஆனது.
>
> இதே கதவை நிமிர்த்த முடியுமா, எவ்வளவு ஆகும்? புதுக் கதவு என்றால், இரண்டு முகத்திலும் லேமினேட் ஒட்டி, பழைய கீல்களையே மாட்டித்தர எவ்வளவு? பொருள், கூலி, நேரில் பார்க்க வரும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை நாளில் முடியும் என்பதையும் சொல்லுங்கள்.

நிமிர்த்துவது, புதிதாகப் போடுவது இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் விலை கேட்பது நல்லது. நிமிர்த்த, கதவின் உள்பக்கம் முறுக்கி இழுக்கும் இரும்புக் கம்பி பொருத்துவார்கள். வளைவு சிறிதாக இருந்தால் அது பிடிக்கும். பலகை ஊறி உப்பியிருந்தால் பிடிக்காது.

விளிம்பை இழைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இழைத்தால் அகலம்தான் குறையும், மேல்மூலை அதே 14 மில்லிமீட்டரில்தான் நிற்கும்.

கடிதத்தோடு இரண்டு படம் அனுப்புங்கள். ஒன்று கதவு சாத்திய நிலையில் நேர் எதிரிலிருந்து. மற்றது, கைப்பிடி விளிம்பின் அடியில் கேமராவை வைத்து, விளிம்பு நெடுக மேல்நோக்கி எடுத்தது; வளைவு அதில்தான் தெளிவாகத் தெரியும்.