வாத வரைபடத்தில் மறுப்பை எங்கே இணைப்பது?

ஒரு வாதத்தின் கூற்று, காரணங்கள், மறுப்புகள் ஆகியவற்றைக் கட்டங்களில் எழுதி, எது எதைத் தாங்குகிறது, எது எதைத் தாக்குகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டும் படமே வாத வரைபடம். முதன்மைக் கூற்றை மேலே எழுதி, கீழே காரணங்களையும் ஓரத்தில் மறுப்புகளையும் அடுக்கிவிட்டால் வாத வரைபடம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். எந்த மறுப்பு எந்தக் கட்டத்தைத் தாக்குகிறது என்பதை அம்புக்குறி காட்டாத வரை அது வெறும் பட்டியல்தான். விவாத மேடையில் பதில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் குறையே காரணம்.

'தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்' என்பது கூற்று என்று கொள்வோம். 'கட்டாயமாக்கினால் வாக்குப்பதிவு உயரும்' என்பது காரணம். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் 60 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு, 1924இல் சட்டம் வந்தபின் 1925இல் 91 விழுக்காட்டைத் தாண்டியது என்பது அதற்கு வலுவான சான்று. எதிரணியோ, 'விருப்பமின்றி வருபவர் ஏனோதானோவென்று வாக்களிப்பார்' என்கிறது. இதை நேராகக் கூற்றின் மேல் ஒட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்படி ஒட்டியவர், பதில் கேட்டவுடன் அந்த 91 விழுக்காட்டையே மீண்டும் எடுத்து வைப்பார். ஆனால் வாக்குப்பதிவு உயரும் என்பதை எதிரணி மறுக்கவே இல்லையே!

அந்த மறுப்பு உண்மையில் தாக்குவது, நாம் எழுதாமல் விட்ட ஒரு கட்டத்தை: 'வாக்குப்பதிவு உயர்ந்தால், முடிவு மக்களின் விருப்பத்தை இன்னும் சரியாகக் காட்டும்.' இந்தத் துணைக்காரணம் இல்லாவிட்டால் முதற்காரணம் கூற்றைத் தாங்காது. ஆகவே இரண்டையும் ஒரே அடைப்புக்குள் இணைத்து, அங்கிருந்து ஒரே அம்புக்குறியை மேலே கொண்டுசெல்ல வேண்டும். ஐயம் இருந்தால் ஒன்றை விரலால் மறைத்துப் பாருங்கள். மற்றது தனியாக நின்று கூற்றைத் தாங்கினால் இரண்டும் தனித்தனிக் காரணங்கள், தாங்காவிட்டால் இணைந்தவை. தனித்தனிக் காரணங்களை 'மேலும்' என்ற சொல்லால் ஒரே கட்டத்தில் அடைப்பதும் தவறுதான், ஏனெனில் ஒன்று வீழும்போது மற்றதும் வீழ்ந்ததாகக் கேட்பவர் எண்ணிவிடுவார்.

பதிலின் அம்புக்குறி மறுப்பின் கட்டத்தையே நோக்க வேண்டும். கூற்றுக்குப் புதிய காரணம் சேர்ப்பது பதிலாகாது. 'ஏனோதானோ வாக்குகள் எல்லாக் கட்சிகளுக்கும் சிதறி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்' என்பது ஒரு பதில். கேட்க நன்றாக இருந்தாலும் எதிரணி இதையும் உடைக்கும். ஆஸ்திரேலியாவில் வாக்காளர் தம் விருப்ப வரிசைப்படி வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். யோசிக்காமல் மேலிருந்து கீழாக வரிசையாக எண்ணிட்டுவிட்டுப் போகும் வாக்காளர்களும் உண்டு; அந்த வாக்குகள் சிதறுவதில்லை, பட்டியலில் முதலில் உள்ளவருக்கே சேர்கின்றன. எனவே இதை, பதிலுக்கு எதிரான மறுப்பாக வரைந்து, அதன் கீழ் அடுத்த பதிலை எழுத வேண்டும்: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனிய மாநிலத் தேர்தலில் செய்வதுபோல், வாக்குச்சீட்டுக்கு வாக்குச்சீட்டு பெயர்களின் வரிசையை மாற்றி அச்சிடலாம்.

இதற்கு மேல் ஒவ்வொரு கிளையையும் நீட்டிக்கொண்டே போவது வீண். எதிரணி புதிய சான்று கொண்டுவந்தால்தான் மறுக்க முடியும் என்ற இடம் வந்ததும் அந்தக் கிளையை நிறுத்திவிட்டு, மறுப்பே எழுதப்படாத கட்டங்களுக்குத் திரும்புங்கள்.