தலைக்கு எவ்வளவு செலவு?

இரண்டு கூட்டங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. சிறியதற்கு 50 பேர் வந்தார்கள், மொத்தச் செலவு 45,000; தலைக்கு 900. பெரியதற்கு 150 பேர், 1,20,000, தலைக்கு 800. பெரியதுதான் சிக்கனம் என்று தோன்றும்.

அப்புறம் செலவை இரண்டாகப் பிரித்தேன். மண்டபமும் பணியாளர் கூலியும், ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தபின், எத்தனை பேர் வந்தாலும் அநேகமாக மாறாது. அது சிறியதில் தலைக்கு 600, பெரியதில் 400. ஆனால் சாப்பாடும் அச்சடிப்பும் சேர்ந்து சிறியதில் 300, பெரியதில் 400! விலை ஒன்றுதான். பெரியதற்குப் பதிவு செய்த 200 பேருக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள், 50 பேர் வரவில்லை. கூட்டம் பெரிதானதால் கிடைத்த லாபம் இந்த வீண்செலவை மறைத்துவிட்டது.

இப்போது பதிவு, வருகை இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கிறேன். வராதவர்களுக்கான செலவைக் கணக்கில் தனி வரியாக எழுதுகிறேன்.