ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது பொரை ஏறுதா? நாங்க வீட்ல செய்யற முறை

பொரை ஏறுனா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லி உச்சந்தலைல தட்டுவோம் இல்லையா, எங்க அப்பாவுக்கும் அம்மா அப்படித்தான் தட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்பாவுக்கு 74 வயசு, சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கை கால் விழுந்து, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் சாயங்காலத் தேத்தண்ணில பிஸ்கட்டை முக்கிக் கொடுத்தோம், இருமுனாரு, முதுகுல தட்டி மேல கொஞ்சம் பச்சத்தண்ணியும் குடிக்க வெச்சோம். மூணு நாள்ல காய்ச்சல், மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா வலது நுரையீரல் அடிப்பக்கம் நிமோனியா. நாங்க கொடுத்தது நுரையீரலுக்குப் போயிருக்குன்னு அப்பதான் புரிஞ்சது.

நாம முழுங்கும்போது குரல்வளை மேல எழும்பி மூடிக்கும், சாப்பாடு பின்னால இருக்கிற உணவுக்குழாய்க்குள்ள இறங்கும், இது ஒரு நொடிக்குள்ள நடக்கிற வேலை. ஸ்ட்ரோக்ல மூளை அடிபட்டா அந்த மூடுற வேலை லேட்டாகுது. சோறு மெதுவா போகும், அதனால கொஞ்சம் சமாளிச்சிக்கலாம், ஆனா தண்ணி, தேத்தண்ணி, ரசம் இதெல்லாம் ஓடிடும், குழாய் மூடுறதுக்கு முன்னாடியே உள்ள இறங்கிடும். அதனாலதான் நிறைய வீட்ல "சோறு நல்லா சாப்பிடறாரு, தண்ணி குடிச்சாதான் இருமுறாரு"ன்னு சொல்வாங்க.

இன்னொன்னு இதைவிட முக்கியம். இருமல் ஒரு காவல்காரன் மாதிரி, உள்ள போனதை வெளிய தள்ளுது. சிலருக்கு தொண்டைல உணர்ச்சியே செத்துப்போயிருக்கும், தண்ணி நுரையீரலுக்குப் போனாலும் இருமலே வராது. அதனால இருமலைன்னா நல்லா இருக்காருன்னு நம்பாதீங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க யாரா இருந்தாலும் முதல்ல முழுங்குறதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. பேச்சுப் பயிற்சி தெரப்பிஸ்ட்தான் இதைப் பார்ப்பாங்க, தேவைப்பட்டா எக்ஸ்ரே வீடியோவோ, மூக்கு வழியா சின்ன கேமராவோ விட்டுப் பார்ப்பாங்க. எந்தக் கெட்டித்தன்மைல கொடுக்கணும், தலையை எப்படி வெக்கணும்னு அவங்க சொல்றதுதான் கணக்கு, கீழ நான் சொல்றது அதை வீட்ல எப்படி நடத்துறதுன்னுதான். அப்பாவுக்கு லெவல் 2 கெட்டின்னு எழுதிக் கொடுத்தாங்க.

முதல் படி: நல்லா முழிச்சிருக்காரான்னு பாருங்க

தூக்கக் கலக்கத்துல இருந்தா கொடுக்கவே கொடுக்காதீங்க, பசியாற நேரமாச்சேன்னு எழுப்பி வாயில வெக்காதீங்க. அரை மணி நேரம் தள்ளிப் போனா ஒன்னும் ஆகாது.

ரெண்டாவது: உக்கார வெக்கிறது

கட்டில்ல சாய்ஞ்சிக்கிட்டு சாப்பிடுறதுதான் எங்க வீட்ல நடந்த பெரிய தப்பு. நாற்காலில நேரா உக்கார வெச்சு, கால் தரைல படணும், விழுந்த பக்கம் சாயாம இருக்க இடுக்குல தலைகாணி கொடுங்க. ஊட்டுறவங்க நிக்கக் கூடாது, ஏன்னா நீங்க நின்னா அவரு அண்ணாந்து பாப்பாரு, அண்ணாந்தா கழுத்து நீண்டு மூச்சுக்குழாய் வழி அகலமாகுது. முக்காலி போட்டு அவரு கண்ணுக்கு நேரா உக்காருங்க. அப்பாவுக்கு முழுங்கும்போது தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் குனியச் சொன்னாங்க, ஆனா இது எல்லாருக்கும் ஒத்துவராது, அதனால உங்க தெரப்பிஸ்ட் சொல்லாம செய்யாதீங்க. டிவியையும் அடைச்சிடுங்க.

மூணாவது: தேத்தண்ணியைக் கெட்டியாக்கி அளந்து பாக்குறது

பார்மசில திக்கனர் பவுடர் கிடைக்கும். டின்ல லெவலுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கும், அந்தக் கரண்டியாலயே அளங்க, கண் அளவு வேணாம். கலக்கிட்டு டின்ல சொன்ன நிமிஷம் வரைக்கும் விடணும்.

பிறகு ஊசி போடுற 10 மில்லி சிரிஞ்சு ஒன்னு எடுங்க, ஊசி இல்லாதது, 0 கோட்டுல இருந்து 10 கோடு வரைக்கும் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிற சிரிஞ்சுதான் இந்தச் சோதனைக்கு, வேற நீளத்துல இருந்தா கணக்கு மாறிடும். தள்ளுற தண்டை எடுத்துட்டு, கீழ ஓட்டையை விரலால அடைச்சு, 10 வரைக்கும் ஊத்துங்க. விரலை எடுத்து 10 நொடி எண்ணுங்க, மறுபடி அடைங்க. 1 முதல் 4 மில்லி மிச்சம் இருந்தா லெவல் 1, 4 முதல் 8 மில்லின்னா லெவல் 2, 8க்கு மேல ஆனா இன்னும் கொஞ்சமாவது சொட்டுதுன்னா லெவல் 3. இந்த அளவுக்குப் பேரு ஐடிடிஎஸ்ஐ.

முதல் நாள் நான் கலக்குன உடனே அளந்தேன், 3 மில்லிதான் மிச்சம், சரி பத்தலைன்னு இன்னும் பவுடர் போட்டுட்டேன், பத்து நிமிஷத்துல பசை மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, பவுடர் ஊறுறதுக்கு நேரம் விடலைன்னு. மாவுச்சத்துல செஞ்ச பவுடர் வெச்சிருக்க வெச்சிருக்க இன்னும் இறுகும், அதனால கலக்கி ரொம்ப நேரம் வெக்காம கொடுத்திடுங்க. பவுடரோட வகை, பானம், சூடு எல்லாத்துக்கும் மாறும், மிலோவுக்குச் சரியா வந்தது பச்சத்தண்ணிக்கு வராது, ஒவ்வொன்னையும் ஒரு தடவையாவது அளந்து பாத்து நோட்டுல எழுதி வெச்சிக்கோங்க.

கெட்டியும் தண்ணியும் கலந்து வர்ற ரசம் சோறும், தேத்தண்ணில முக்கின பிஸ்கட்டும் எங்க வீட்ல நிறுத்திட்டோம். வாயில கெட்டி ஒரு பக்கம் மெல்லணும், தண்ணி இன்னொரு பக்கம் ஓடும், ரெண்டையும் ஒரே நேரத்துல சமாளிக்கிறது ரொம்ப கஷ்டம். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாயில கரைஞ்சு தண்ணியாயிடும், அதையும் தண்ணின்னே நினைங்க.

நாலாவது: ஊட்டுறது

தேக்கரண்டில ஒரு வாய், அதுவும் முழுசா நிரப்பாம, உணர்ச்சி இருக்கிற பக்கம் வைங்க. முழுங்குனாரான்னு தொண்டை மேல ஏறி இறங்குறதை வெச்சுப் பாருங்க, வாயைத் திறக்கச் சொல்லி காலியான்னு பாத்துட்டுதான் அடுத்த வாய். ஸ்ட்ரா வேணாம், ஒரே இழுப்புல நிறைய வந்திடும். நாலஞ்சு வாய்க்கு ஒரு தடவை "ஆ"ன்னு சொல்லச் சொல்லுங்க, குரல் கொழகொழன்னு, தொண்டைல தண்ணி நிக்கிற மாதிரி கேட்டா இருமச் சொல்லி, முழுங்கச் சொல்லி, திரும்ப கேளுங்க. அப்பவும் அப்படியே இருந்தா நிறுத்திடுங்க. எங்களுக்கு இந்தக் குரல் சோதனைதான் ரொம்ப உதவியா இருந்துச்சு. மாத்திரையை நீங்களா இடிக்காதீங்க, சிலதை இடிக்கவே கூடாது, பார்மசில கேளுங்க.

பொரை ஏறுனா தண்ணி கொடுக்காதீங்க, முன்னால குனிய வெச்சு அவரே இருமட்டும். சத்தமே வராம, மூச்சும் வராம கையைக் கழுத்துல வெச்சா அது வேற, உடனே யாராவது 999 அடிக்கணும், முன்னால சாய்ச்சு தோள்பட்டை நடுவுல 5 தடவை பலமா தட்டணும், வரலைன்னா பின்னால நின்னு தொப்புளுக்கு மேல கையைக் கோத்து 5 தடவை உள்ளயும் மேலயும் அழுத்தணும், மாறி மாறி.

கடைசியா: சாப்பிட்டு முடிச்ச பிறகு

அரை மணி நேரம் அப்படியே நேரா உக்கார வெச்சிருங்க. விழுந்த பக்கக் கன்னத்துல சோறு ஒதுங்கி நிக்கும், அவருக்கே தெரியாது, விரல்ல துணி சுத்தி எடுங்க. பல், நாக்கு தேய்ச்சு விடுங்க, பல் செட்டைக் கழட்டிக் கழுவுங்க, ஏன்னா எச்சில் கூட உள்ள போகும், வாயில இருக்கிற கிருமிதான் நிமோனியாவைக் கொண்டுவருது.

அடுத்த ரெண்டு மூணு நாள் கவனிங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாம கூட வரும், சும்மா படுத்திருக்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல போறது, வழக்கத்தைவிட தூங்கி வழியறது, சம்பந்தமில்லாம பேசுறது, இதுல ஒன்னு இருந்தாலும் காலைல பாக்கலாம்னு இருக்காம கூட்டிட்டுப் போங்க.

அப்பா ரெண்டு மாசத்துல திரும்பச் சோதனைக்குப் போனாரு, நோட்டைக் காட்டுனோம், லெவல் 1க்கு இறக்கிக் கொடுத்தாங்க. வீட்ல நாங்களா இறக்கலை, நாள் போகப் போக நிறைய பேருக்கு முழுங்குறது நல்லாகுது, ஆனா எப்ப இறக்கலாம்னு தெரப்பிஸ்ட்தான் முடிவு பண்ணணும். இப்ப தேத்தண்ணி மட்டும் லெவல் 1, ரசம் இன்னும் கிடையாது, அதைத்தான் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டு இருக்காரு.