டேகேர் போகும் குழந்தை இருக்கும்போது மறுபடியும் கர்ப்பம்: சி.எம்.வி.க்கு எச்சில் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை

சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., டேகேர் போகும் சின்னக் குழந்தைகளிடம் சர்வசாதாரணம். ஒருமுறை தொற்றினால் குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம். ஆனால் எச்சிலிலும் சிறுநீரிலும் பல மாதங்கள் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கருவையும் எட்டுகிறது. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால்தான் காது கேளாமை, மூளை பாதிப்பு போன்ற விளைவுகளுக்கான அபாயம் அதிகம். அதனால் கர்ப்பம் உறுதியான பிறகு அல்ல, முயற்சி செய்யத் தொடங்கும்போதே கீழே உள்ளவற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

1. டேகேரை நிறுத்த வேண்டாம்

குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால், வீட்டில் வைத்துக்கொண்டாலும் வைரஸ் வெளியேறத்தான் செய்யும். குழந்தைக்கு டெஸ்ட் எடுப்பதிலும் பயனில்லை. இன்று நெகட்டிவ் என்றால் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தையின் எச்சிலில் வைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் எளிது.

2. சாப்பாட்டு நேரம்

டயப்பர் மாற்றினால் எல்லோரும் கை கழுவுகிறார்கள். தவறுவது இங்கேதான். குழந்தை பாதி கடித்துவிட்டு நீட்டும் பிஸ்கட்டை யோசிக்காமல் வாயில் போட்டுக்கொள்கிறோம். சூடு பார்க்க அதன் ஸ்பூனையே நாக்கில் வைக்கிறோம். தட்டில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டுவிடுகிறோம். மூன்றிலும் எச்சில் நேராக வாய்க்குள் போகிறது.

ஒரு மாலை வேளையை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஊட்ட உட்காரும் முன் நீங்கள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு ஊட்டும்போதுதான் கை தானாக அதன் தட்டுக்குப் போகிறது. சூடு பார்க்கத் தனி ஸ்பூன் வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து ருசித்ததும் அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். அதைக் கொண்டே ஊட்டத் தொடங்கினால் மறுபடி அது உங்கள் வாய்க்கு வந்துவிடும். கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள், மிச்சமே இருக்காது. அப்படியும் மிஞ்சினால் எழுந்திருக்கும் முன்பே கொட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்க இருவருக்கும் வேறு வேறு நிறத்தில் மூடியுள்ள கப் வாங்குவது நல்லது. ஒரே மாதிரி இரண்டு கப் இருந்தால் அவசரத்தில் மாறிப்போகும்.

கீழே விழுந்த சூப்பானை வாயில் வைத்துச் சுத்தம் செய்யவே கூடாது. டூத்பிரஷ்களை ஒரே டம்ளரில் நிறுத்தினால் முனைகள் உரசும், தனித்தனியாக வையுங்கள்.

3. முத்தம்

உதட்டில் வேண்டாம், நெற்றியிலும் தலையிலும் தாராளமாகக் கொடுங்கள். கட்டிப்பிடிப்பதால் தொற்றாது. குழந்தையே பாய்ந்து வாயில் முத்தம் கொடுத்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவிக்கொள்ளுங்கள். ஒருமுறை பட்டாலே தொற்றிவிடும் என்பதில்லை.

4. கை

ஜொள்ளு, மூக்கு துடைத்த பிறகும், ஊட்டிய பிறகும், டயப்பர் மாற்றிய பிறகும் 20 விநாடி சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. சாதாரண சோப்பே அதைக் குலைத்துவிடும். அதனால் கிருமிநாசினி என்று எழுதிய விலையுயர்ந்த சோப்பு தேவையில்லை. சானிடைசர் வெளியில் போகும்போது மட்டும் போதும். கையுறையை நான் பரிந்துரைப்பதில்லை; அதோடே முகத்தைத் தொட்டுவிடுவோம்.

பலரும் மறப்பது செல்போனை. குழந்தை அதன் மூலையைச் சப்பும், அடுத்த நிமிடம் அது உங்கள் கன்னத்தில் இருக்கும். எச்சில் ஈரமாக இருக்கும்வரை அதில் வைரஸ் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம், உடனே துடைத்துவிடுங்கள். சப்பிய பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும்.

பிற்சேர்க்கை: ரத்தப் பரிசோதனை குறித்து அடிக்கடி வரும் கேள்வி

ஒன்பதாவது வாரத்தில், சி.எம்.வி.க்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம். ஐஜிஎம் பொதுவாகப் புதிய தொற்றைக் காட்டுவது என்றாலும், பல மாதங்கள் நீடிக்கலாம், தவறாகவும் பாசிட்டிவ் காட்டலாம். அதே ரத்தத்தில் ஐஜிஜி அவிடிட்டி, அதாவது ஐஜிஜி வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் அவிடிட்டி அதிகம் என்று வந்தால் தொற்று பெரும்பாலும் கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது. குறைவு என்றால் சமீபத்தில் வந்திருக்கலாம். தாமதிக்காமல் ஃபீட்டல் மெடிசின் நிபுணரைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்துத் தொற்றுக்கு வாலாசைக்ளோவிர் மாத்திரையை அதிக அளவில் தருவது கருவுக்குப் பரவுவதைக் குறைக்கிறது, ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் அபாயம் மிகக் குறைவு. ஆனாலும் பழைய வைரஸ் மறுபடி தலைதூக்கலாம், வேறு வகை தொற்றலாம். மேலே சொன்ன பழக்கங்களை விட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், பிறந்த குழந்தைக்கு 21 நாட்களுக்குள் சிறுநீர் அல்லது எச்சில் பி.சி.ஆர். எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால், கருவிலேயே வந்ததா, பிறந்த பின் வந்ததா என்று பிரிக்க முடியாது. தாய்ப்பாலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால், எச்சில் எடுப்பதானால் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.