ரத்தக் கழிச்சல்: தண்ணீர் டப்பாவைக் கழுவுவதும் மருந்தைக் கலப்பதும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறவர்களுக்கு ரத்தக் கழிச்சல் பயம் வந்துவிடும். இந்த நோய்க்கும் தண்ணீர் டப்பாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எச்சத்தோடு விழும் கிருமி முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். டப்பா சிந்தும் இடத்து உமி அதற்குத் தோதான இடம்.

முதலில் டப்பாவின் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்துக்கு வருகிறமாதிரி செங்கல் வைத்து உயர்த்துங்கள். சிந்துவதும் எச்சம் விழுவதும் குறையும். நனைந்த உமியை அன்றே அள்ளி வெளியே போட்டுவிடுங்கள்.

தினமும் காலையில் தட்டையும் குடுவையையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். உள்பக்கம் விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக்கூடாது. நம்ம ஊர் போர் தண்ணீரில் வெள்ளையாக உப்பு படியும். அதற்கு வினிகர் ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். அதோடு பிளீச்சிங் பவுடர் பாக்டீரியாவுக்குத்தான் சரி, ரத்தக் கழிச்சல் கிருமி முட்டைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்குத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைப்பதுதான் வழி. இரண்டு செட் டப்பா இருந்தால் ஒன்று காயும்போது மற்றது ஓடும்.

இப்போது மருந்து. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பவுடர் எழுதுவார். லிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 1 கிராம் பவுடரில் 200 மில்லிகிராம்தான் மருந்து. ஆகவே லிட்டருக்கு 0.6 கிராம் பவுடர். உங்கள் குஞ்சுகள் நேற்று எவ்வளவு குடித்தன என்று அளந்து பாருங்கள். 10 லிட்டர் என்றால் 6 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு மொத்தத் தண்ணீரில் ஊற்றுங்கள்.

மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு தண்ணீர் எங்கும் இருக்கக்கூடாது. வாசலில் தேங்கிய மழைக் குட்டையைக் குடித்தால் மருந்து குறைந்துவிடும். வழக்கமாக 3 முதல் 5 நாள் இந்த அளவு, பிறகு 1 முதல் 2 வாரம் பாதி அளவு. எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்வார்.

பலரும் "தெம்புக்கு" என்று கூடவே பி-காம்ப்ளக்ஸ் ஊற்றுகிறார்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே கிருமிக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, கிடைக்காமல் செய்துதான். அதைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். ரொம்பவும் சோர்ந்து தண்ணீர்ப் பக்கமே போகாத குஞ்சுக்கு டப்பாத் தண்ணீர் உதவாது; அதைத் தனியாக எடுத்து, எப்படிப் புகட்டுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.