நெகட்டிவ் மார்க் தேர்வில் எதைப் போடலாம், எதை விடலாம்: என் நோட்டுக் கணக்கு

ரயில்வே என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வை முதல் தடவை எழுதியபோது நூறு கேள்வியில் 97 போட்டுவிட்டு, நாகர்கோவில் பஸ் ஏறும்வரை சிரித்த முகமாகவே இருந்தேன். ஆன்சர் கீ வந்த பிறகு உட்கார்ந்து எண்ணினால் 62 சரி, 35 தவறு. ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும் என்பதால் கிட்டத்தட்ட 11.67 கழிந்து 50.33-இல் நின்றது. "எதையாவது குத்து மக்கா, விடாத" என்று சொல்லி அனுப்பிய கூட்டாளிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதற்குப் பிறகு வீட்டில் நாலு மாக் டெஸ்ட் எழுதி, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வுக்கு விண்ணப்பிப்பது, மாக் எங்கே எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஒரு சரி எத்தனை தவறைத் தாங்கும்?

ரயில்வேயில் ஒரு சரியான விடை மூன்று தவறைத் தாங்கும். ஆப்ஷன் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் சராசரியாக நான்கில் ஒன்று சரி, மூன்று தவறு. ஆக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வங்கி கிளார்க் பிரிலிம்ஸில் கழிவு கால் மதிப்பெண், ஆப்ஷன் ஐந்து. அங்கும் கணக்கு பூஜ்யத்தில்தான் வந்து நிற்கும். ஒரு ஆப்ஷனையாவது உறுதியாக அடித்துவிட்டால்தான் தராசு நம் பக்கம் சாயும். ரயில்வேயில் இரண்டை அடித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைப் போட்டால், கேள்விக்குச் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான்.

படி 2: அடிப்பதற்குக் காரணம் வேண்டும்

நான் சறுக்கிய இடம் இது. ஒரு மாக்கில் குளச்சல் போர் நடந்த ஆண்டு கேட்டிருந்தார்கள்: 1741, 1757, 1764, 1799. குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்தார் என்று தெரியும், ஆண்டு மட்டும் நினைவில் வரவில்லை. வெட்கக்கேடு. ஆனால் மற்ற மூன்று ஆண்டுகளுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. 1757 பிளாசி, 1764 பக்சார், 1799 திப்பு இறந்த ஆண்டு. மூன்றையும் பெயர் சொல்லி அடித்தேன், 1741 தானாக நின்றது.

அதே மாக்கில் இன்னொன்று. "ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால்?" மாற்றமில்லை, 4% குறைவு, 4% கூடுதல், 2% குறைவு. அவசரத்தில் "கூடுதலாக இருக்காது, 2% என்னமோ மாதிரி இருக்கிறது" என்று இரண்டை அடித்து, மிச்சத்தில் "மாற்றமில்லை"யைப் போட்டேன். தவறு. ரப்பர் ஷீட் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறினால் 120. இறங்கும்போது இந்த 120-இல் 20 சதவீதம், அதாவது 24 ரூபாய் போகும். மிச்சம் 96, எனவே 4% குறைவு.

இரண்டிலும் ஆப்ஷன்களை அடித்துத்தான் விடைக்கு வந்தேன். முதலாவதில் ஒவ்வொன்றையும் ஏன் அடித்தேன் என்று ஒரு வரியில் சொல்ல முடியும். இரண்டாவதில் எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். கணக்குக் கேள்வி எடுப்பவர், நாம் எங்கே தவறுவோம் என்று யோசித்து அந்தத் தவறின் விடையையே ஓர் ஆப்ஷனாக வைத்திருப்பார். பாதி வழியில் நிற்பவனை அதுதான் கூப்பிடும். அதனால் என் விதி: ஏன் அடித்தேன் என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், அந்த ஆப்ஷன் இன்னும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு.

படி 3: நோட்டில் பதிவு

மாக் எழுதும்போது ரஃப் தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். உறுதியென்றால் டிக். இரண்டு ஆப்ஷன் மிஞ்சினால் 2, மூன்று மிஞ்சினால் 3, ஒன்றுமே தெரியாவிட்டால் 0. மாக் செயலியின் அலசல் பக்கத்தை நம்பி இதை விடாதீர்கள். எது சரி, எது தவறு என்பதை அது சொல்லும். எதை நீங்கள் தெரிந்து போட்டீர்கள், எதைக் குத்தினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எக்செல்லும் வேண்டாம், பத்து ரூபாய் நோட்டு போதும்.

மேலே சொன்ன நாலு மாக்கிலும் 2 என்று குறித்தவை மொத்தம் 60. காசு சுண்டினாலே 30 சரியாகியிருக்க வேண்டும், எனக்கு வந்தது 22. பாடவாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பொது அறிவில் 40-க்கு 19 சரி, 21 தவறு. கழிவு போக 12 மதிப்பெண் லாபம். கணக்கில் 20-க்கு 3 மட்டுமே சரி, 17 தவறு. அங்கே 2.67 நட்டம். அன்றிலிருந்து பொது அறிவில் 2 என்றால் போடுவேன், கணக்கில் முழுக்க முடிக்காததை விட்டுவிடுவேன். உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம், என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது முப்பது நாற்பது பதிவாவது சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 4: தேர்வு நாளில்

முதல் சுற்றில் டிக் மட்டும். இரண்டாவது சுற்றில் 2-களும் 3-களும். 3-இல் சராசரி லாபம் ஒன்பதில் ஒரு மதிப்பெண்தான், அதற்காக ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிப்பது வீண். அந்த நேரத்தில் முடிக்காத கணக்கு ஒன்றை முடிக்கலாம். 0-களைத் தொடுவதில்லை.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

தக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி, எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 0.50 கழிக்கிறார்களே, பாதி போய்விடுமே என்று பயந்து கேட்டிருந்தார். அங்கே ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், ஆகவே கழிவு கால் பங்குதான். ஒரு சரி நான்கு தவறைத் தாங்கும், ஆப்ஷனோ நான்கு. கண்ணை மூடிக் குத்தினாலும் சராசரியில் கேள்விக்கு 0.125 கிடைக்கும். நீட்டிலும் +4, −1 என்பதால் இதே நிலைதான். ஆனால் பத்துப் பதினைந்து கேள்வியில் சராசரி நம் பேச்சைக் கேட்காது. நல்ல நிலையில் இருப்பவரை அது கீழேயும் இழுத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் C போட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாத கேள்வியில் எந்த எழுத்தும் ஒன்றுதான். நேரம் மிச்சமாகும், மதிப்பெண் கூடாது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுபவர்களுக்கு மேலே உள்ள விடுகிற கணக்கு பொருந்தாது. தவறான விடைக்கு அங்கே கழிவு இல்லை. விடை தெரியவில்லை என்பதற்கு E கட்டம் இருக்கிறது, அதை நிரப்புவதைவிட A முதல் D வரை ஒன்றைப் போடுவதே மேல்.

கடைசியாக ஒன்று, இதில் நானே ஒருமுறை மாட்டினேன். கணினித் தேர்வில் ஒரு ஆப்ஷனைத் தொட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று நினைத்து `Mark for Review` அழுத்திவிட்டுப் போனால், பல தேர்வுகளில் அந்த விடையையும் திருத்துவார்கள். விட முடிவு செய்தால் `Clear Response` அழுத்துங்கள், பக்கத்தில் உள்ள கட்டத்தில் அந்தக் கேள்வியின் நிறம் மாறியதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.